எல்லா விசையும் வேலை செய்த கீபோர்டு: பணம் கொடுக்கும் முன் நடந்த ஒரு சோதனையின் ஆய்வு

நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் மொழிபெயர்ப்பாளரான நண்பர் ஒருவர், பயன்படுத்தப்பட்ட மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வாங்க முடிவு செய்து, பணம் கொடுப்பதற்கு முன் உடன் வந்து பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். எண்பலகை இல்லாத 87 விசை அமைப்பு அது. பற்றவைப்பைத் தொடாமல், ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் வகையைச் சேர்ந்தது. இடையில் தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும் லீனியர் சிவப்பு ஸ்விட்சுகள், அவற்றைத் தாங்கும் வர்ணம் பூசிய எஃகு பிளேட், கழற்றக்கூடிய யூஎஸ்பி-சி கேபிள் ஆகியவை அதன் மற்ற விவரங்கள். விற்பவர் எழுதியிருந்த குறிப்பு சுருக்கமானது: குறைவாகப் பயன்படுத்தியது, எல்லா விசைகளும் வேலை செய்கின்றன, பழுது எதுவும் இல்லை.

அந்தக் குறிப்பில் பொய் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. எல்லா விசைகளும் வேலை செய்தன என்பது உண்மைதான். ஆனால் ஒரு கீபோர்டைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் மிகக் குறைந்த அளவே எதையும் நிரூபிக்கும் கூற்று அதுதான் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டியதால், சோதனை நடந்த வரிசையிலேயே அதைப் பதிவு செய்கிறேன்.

நேரில் போவதற்கு முன்பு நண்பர் மூன்று விஷயங்களைக் கேட்டிருந்தார்: அடிப்பக்கத்தின் படம், கீழ் இரண்டு வரிசைகளில் விசைகளின் மேல்மூடிகளான கீகேப்புகளைக் கழற்றிவிட்டு எடுத்த படம், ஸ்பேஸ்பாரையும் என்டரையும் தட்டும் ஒலியோடு ஒரு சிறு காணொளி. முதலாவதும் மூன்றாவதும் வந்தன. இரண்டாவதற்கு, கீகேப் கழற்றும் கருவி தன்னிடம் இல்லை என்று விற்பவர் பதில் அனுப்பினார். அந்தக் கருவி எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே இதைச் சந்தேகத்துக்குரிய பதிலாக எடுத்துக்கொள்ளாமல், நேரில் பார்க்க வேண்டிய இடம் எது என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டோம். கம்பியால் ஆன கீகேப் கழற்றி, ஸ்விட்ச் பிடுங்கி, சிறு திருகாணி முடுக்கி, தகவலைக் கடத்தும் என்று நிச்சயமாகத் தெரிந்த எங்கள் சொந்தக் கேபிள்கள் இரண்டு, ஒரு மடிக்கணினி ஆகியவற்றை எடுத்துச் சென்றோம். கீகேப்புகளையும் சில ஸ்விட்சுகளையும் கழற்றிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். அனுமதி மறுக்கப்பட்டால் நேரில் போய்ப் பார்ப்பதில் பெரிய பயன் எதுவும் இல்லை.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

கீபோர்டைக் கணினியில் செருகும் முன்பே அதைச் சமதளமான மேசையில் வைத்து, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்திப் பார்த்தேன். கீழே விழுந்த கீபோர்டில் பிளேட் அல்லது பெட்டி லேசாக முறுகியிருக்கும். அப்படியானால் ஒரு மூலை ஆடும். இது ஆடவில்லை. மூலைகளில் நசுங்கலோ, பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு போன்ற விரிசலோ இல்லை. ரப்பர்க் கால்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. அது பொருட்படுத்தக்கூடிய குறை அல்ல.

அடிப்பக்கத் திருகாணிகளில் இரண்டின் தலை மட்டும் தேய்ந்து பளபளத்தது. பெட்டி ஒருமுறையாவது திறக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது போதுமான அடையாளம். மெக்கானிக்கல் கீபோர்டுகளின் உலகில் பெட்டியைத் திறப்பது குற்றமல்ல. ஒலியைக் குறைக்க ஃபோம் வைப்பவர்களும், அகலமான விசைகளைச் சமமாக இறங்கவைக்கும் ஸ்டெபிலைசருக்குக் கிரீஸ் தடவுபவர்களும் திறக்கத்தான் வேண்டும். திறந்ததற்கான காரணத்தைக் கேட்டபோது, உள்ளே ஃபோம் வைத்ததாக நினைவு என்று விற்பவர் சொன்னார். அந்த விடையைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனோம்.

கேபிளும் போர்ட்டும்

இந்தப் பகுதி விரைவாக முடிந்தது. முதலில் விற்பவரின் கேபிளிலும், பிறகு எங்கள் கேபிளிலும் செருகிப் பார்த்தோம். இரண்டிலும் கணினி கீபோர்டை உடனே அடையாளம் கண்டது. யூஎஸ்பி-சி முனையைத் தலைகீழாகத் திருப்பியும் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால், போர்ட்டின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளில் ஒன்று வளைந்திருக்கும், அழுக்கேறியிருக்கும், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் வேலை செய்தன. பிறகு ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடியே, செருகிய முனையை நான்கு திசைகளிலும் மிக மெதுவாக அசைத்தேன்; எழுத்து இடைவிடாமல் ஓடியது, விளக்குகள் அணைந்து எரியவில்லை.

இரு முனையிலும் சி வகை கொண்ட கேபிளில் மட்டும் கீபோர்டு உயிர் பெறவே இல்லை. நண்பர் பதறினார். ஆனால் இது பழுது அல்ல. சி வகை போர்ட் உள்ள கருவி, தன்னை மறுமுனைக்கு அறிவித்துக்கொள்ள 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தன் மின்சுற்றுப் பலகையான போர்டில் வைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க அவற்றைத் தவிர்த்த கீபோர்டுகள் பல உண்டு. பழைய அகன்ற யூஎஸ்பி முனையுள்ள கேபிளில் அவை குறையின்றி இயங்கும். இது வடிவமைப்பில் உள்ள குறை, பயன்பாட்டால் வந்த சேதம் அல்ல. வாங்குபவரின் கணினியில் சி வகை போர்ட் மட்டுமே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

திரையில் தெரிந்தது

விசைகளைச் சோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றை விற்பவரே திறந்து, வரிசையாக எல்லாவற்றையும் தட்டிக் காட்டினார். 87 கட்டங்களும் நிறம் மாறின. பெரும்பாலான பேரங்கள் இந்த இடத்தில்தான் முடிகின்றன. ஆனால் அப்படி நிறம் மாறும் பக்கம் ஒன்றை மட்டுமே சொல்கிறது: அந்த விசை ஒருமுறையாவது தொடர்பு ஏற்படுத்தியது. ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுகிறதா, பத்துத் தட்டில் ஒன்று தவறுகிறதா, மெதுவாக அழுத்தினால் என்ன ஆகிறது என்பவை அதில் தெரியாது.

ஆகவே லினக்ஸ் மடிக்கணினியில் ஒவ்வொரு அழுத்தமும் விடுவிப்பும் எந்த நேரத்தில் பதிவாகின்றன என்பதைப் பார்த்தோம். விசையை அழுத்திப் பிடித்தால் தானாக எழுத்து திரும்ப விழும் வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே பழுதுபோலத் தோன்றிக் குழப்பும். சோதனை முடிந்ததும் `xset r on` என்று கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம்.

```
xset r off
xev -event keyboard
```

ஒவ்வொரு விசையையும் இருபது முப்பது முறை, பாதியை வேகமாகவும் மீதியை மிக மெதுவாகவும் அழுத்தினோம். சலிப்பூட்டும் வேலைதான். அதிகம் அடிபடும் எழுத்துகளையும், ஸ்பேஸ்பார், பேக்ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் ஆகியவற்றையும் மட்டும் இப்படிச் சோதித்துவிட்டு, மேல்வரிசையைச் சில தட்டுகளோடு விடுவதில் தவறில்லை. N எழுத்துக்கான விசையில் இப்படி ஒரு பதிவு கிடைத்தது; தேவையற்ற விவரங்களை நீக்கித் தருகிறேன்:

```
KeyPress    time 5120344   keycode 57  (n)
KeyRelease  time 5120431   keycode 57  (n)
KeyPress    time 5120440   keycode 57  (n)
KeyRelease  time 5120452   keycode 57  (n)
```

நேரம் மில்லிவினாடியில் உள்ளது. விரல் 87 மில்லிவினாடி அழுத்திவிட்டு எடுத்திருக்கிறது. எடுத்த 9 மில்லிவினாடிக்குள் மறுபடி ஓர் அழுத்தம் பதிவாகியிருக்கிறது. எந்த விரலாலும் அவ்வளவு விரைவில் எடுத்து மீண்டும் அழுத்த முடியாது. ஸ்விட்சின் உள்ளே இருக்கும் இரண்டு உலோகத் தகடுகள் பிரியும்போது துள்ளி மறுபடி தொட்டுக்கொள்வதால் வருவது இது. கீபோர்டு வட்டாரத்தில் இதைச் சாட்டர் என்கிறார்கள். எல்லா ஸ்விட்சும் ஓரளவு துள்ளும். அதைச் சகித்துக்கொள்ளவே கீபோர்டுக்குள்ளேயே இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சில மில்லிவினாடி காத்திருந்து முடிவெடுக்கிறது. பரவலாகப் பயன்படும் QMK என்ற ஃபர்ம்வேரில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 5 மில்லிவினாடி. தகடு தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ துள்ளல் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. காத்திருப்பை 20, 30 என்று உயர்த்திவிட்டால் சாட்டர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. நேர்மையாக அப்படிச் சமாளித்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு, விற்பதற்காக மறைப்பவர்களும் இருக்கலாம்.

இரண்டாவது பழுது முற்றுப்புள்ளி விசையில் இருந்தது. அது எதிர்வகைப் பழுது. வேகமாகத் தட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. மிக மெதுவாக, நேர்க்கோட்டில் இறக்கினால், அடிமட்டம் வரை போனபிறகும் சில நேரம் எதுவும் பதிவாகவில்லை. இவ்வகை ஸ்விட்ச் பொதுவாக 4 மில்லிமீட்டர் வரை இறங்கும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிட வேண்டும். விசையின் மேல் விளிம்பைச் சற்றே சாய்த்து அழுத்தினால் ஒருமுறைகூடத் தவறவில்லை. இணையப் பக்கத்தில் இந்த விசையும் நிறம் மாறிய 87இல் ஒன்றுதான்.

பழுது ஸ்விட்சோடு போகிறதா, இடத்தில் தங்குகிறதா

ஹாட்-ஸ்வாப் கீபோர்டை வாங்குபவருக்குள்ள பெரிய வசதி, இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை காண முடியும் என்பது. பழுதான விசையின் ஸ்விட்சையும், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையின் ஸ்விட்சையும் பிடுங்கி இடம் மாற்றினால் போதும். பிடுங்கும்போது நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். திரும்பச் செருகும் முன் அடியிலுள்ள இரண்டு மெல்லிய கம்பிக்கால்களும் நேராக உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். வளைந்த காலோடு அழுத்தினால் கால் மடங்கிக்கொள்வதோடு, அடியில் அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்ளும் சாக்கெட்டும் தாங்காமல் போர்டிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும். இன்னொருவரின் பொருளில் அப்படி நேர்வது இரு தரப்புக்கும் சங்கடம்.

முதலில் N விசை. அதன் ஸ்விட்சை ஸ்க்ரோல் லாக் இடத்துக்கு மாற்றியதும் இரட்டைப் பதிவும் அதோடு அங்கே போனது. N விசையின் இடத்தில் இப்போது எந்தத் தொல்லையும் இல்லை. பழுது ஸ்விட்சுக்கு உரியது. ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றினால் தீரும். ஸ்விட்சுகள் தனித்தனியாகக் கிடைக்கும் பொருள் என்பதால் இதை விலையில் பெரிதாகக் கணக்கிட வேண்டியதில்லை.

அடுத்து முற்றுப்புள்ளி. ஸ்க்ரோல் லாக்கில் இருந்த, புதியதற்குச் சமமான ஸ்விட்சை அங்கே செருகியபிறகும் பழுது அதே இடத்தில் அதே விதமாக நின்றது. பழைய ஸ்விட்ச் போன இடத்தில் குறையின்றி வேலை செய்தது. ஆகவே ஸ்விட்ச் குற்றவாளி அல்ல. மிஞ்சுவது சாக்கெட், சாக்கெட்டைத் தாங்கும் செம்புப் பட்டை, அங்கிருந்து ஓடும் மின்தடம், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதற்காக அந்த விசைக்கென்று உள்ள டயோடு ஆகிய நான்கில் ஒன்று. சாய்த்து அழுத்தினால் சரியாகிறது என்பதால் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாய்வு கம்பிக்காலைப் பக்கவாட்டில் தள்ளி, விட்டுப்போன தொடர்பைச் சற்று நேரம் சேர்த்துவைக்கிறது.

ஸ்விட்சுகள் போர்டோடு பற்றவைக்கப்பட்ட கீபோர்டில் இந்தச் சோதனை முடியாது. அங்கே பழுதின் பரவலைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு வரிசை அல்லது ஒரு செங்குத்து அணி முழுவதும் வேலை செய்யாவிட்டால் மின்தடமோ கட்டுப்பாட்டுச் சில்லோ காரணம். தொடர்பில்லாத ஒற்றை விசை தவறினால் பெரும்பாலும் ஸ்விட்ச். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று விசைகள் வெவ்வேறு விதமாகத் தகராறு செய்தால், அங்கே ஏதோ கொட்டியிருக்கிறது என்று முதலில் எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபணமாகும்வரை அதையே நம்புவது என் வழக்கம்.

முற்றுப்புள்ளியின் ஸ்விட்சைப் பிடுங்கிய துளைக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பிளேட்டுக்கும் போர்டுக்கும் இடையில் ஃபோம் எதுவும் இல்லை. பெட்டியின் அடியில் இருக்கலாம் என்பதால் விற்பவரின் விடை தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கம்பிக்கால் நுழையும் துளை ஒன்றைச் சுற்றிப் பச்சை கலந்த மெல்லிய படிவு தெரிந்தது. செம்பு ஈரத்தில் அரிக்கப்படும்போது தோன்றும் நிறம் அது.

ஸ்டெபிலைசர் சொன்ன சாட்சி

இனி எங்கே பார்க்க வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. முற்றுப்புள்ளிக்கு அடுத்த சாய்கோட்டு விசையும், அதற்கடுத்த வலது ஷிஃப்ட்டும்தான்.

அகலமான விசைகளின் எந்த ஓரத்தைத் தட்டினாலும் இரு பக்கமும் ஒன்றாக இறங்குவதற்காக வைக்கப்படுவது ஸ்டெபிலைசர். இரு முனைகளும் மடக்கப்பட்ட ஓர் எஃகுக் கம்பியும், அதன் முனைகளைப் பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூடுகளும் அதன் உறுப்புகள். இதைச் சோதிக்கும்போது விசையின் நடுவை மட்டும் தட்டினால் போதாது. இடது ஓரம், வலது ஓரம், நடு என்று மூன்று இடத்திலும் தட்டி, ஒலியையும் திரும்பி எழும் வேகத்தையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் டிக் என்ற உலோக ஒலி வந்தால் கம்பி வளைந்திருக்கிறது, அல்லது கூட்டுக்குள் கிரீஸ் இல்லாமல் ஆடுகிறது. இந்தக் கீபோர்டின் ஸ்பேஸ்பாரில் அந்த ஒலி இருந்தது. புதிய கீபோர்டுகளிலேயே சாதாரணமாகக் கேட்கும் ஒலி அது; கம்பியைச் சமதளத்தில் வைத்து நேராக்கி, முனைகளில் கெட்டியான கிரீஸ் தடவினால் போய்விடும். ஒலியை வைத்துக் கீபோர்டை நிராகரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேவையற்ற கண்டிப்பு அது.

வலது ஷிஃப்ட்டில் ஒலி இல்லை. சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததும் அந்த அமைதிதான், ஏனென்றால் விசை திரும்பி எழுவதில் ஒரு மந்தம் இருந்தது. நடுவில் தட்டினால் தெரியாத அளவு. வலது ஓரத்தை அழுத்தி விட்டால் கண்ணுக்குத் தெரியும்படி தாமதித்து எழுந்தது. "கிரீஸ் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டார்கள் போலிருக்கிறது" என்றார் நண்பர். நியாயமான ஊகம்தான், கிரீஸ் மிகுந்தாலும் விசை இப்படித்தான் மந்தமாகும். கீகேப்பைக் கழற்றி ஒரு பல்குத்தியின் நுனியால் கூட்டின் உட்புறத்தை வழித்துப் பார்த்தோம். கிரீஸ் வெள்ளையாகவோ நிறமின்றியோ, வழவழப்பாக, காயாமல் இருக்கும். நுனியில் வந்தது பழுப்பு நிறத்தில், ஓரங்களில் பொருக்காகவும் உள்ளே ஒட்டும் பசையாகவும் இருந்தது. கம்பியின் மடக்கிய மூலையில் சிவந்த துரு தெளிவாகத் தெரிந்தது. இடதுபுற ஷிஃப்ட்டைக் கழற்றி ஒப்பிட்டபோது அங்கே கம்பி பளபளப்பாக, நிறமற்ற கிரீஸோடு இருந்தது. ஒரே அறையில் ஒரே காலம் இருந்த இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் துருப்பிடிக்க, காற்றின் ஈரம் காரணமாக இருக்க முடியாது.

மறைந்த சேதத்தைத் தேடுபவர் முதலில் ஸ்டெபிலைசரைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பானம் கொட்டிய கீபோர்டைச் சுத்தம் செய்பவர் கீகேப்புகளைக் கழுவுவார், பிளேட்டின் மேற்புறத்தைத் துடைப்பார், ஒட்டிக்கொண்ட ஸ்விட்சுகளை மாற்றுவார். இவை எளிதானவை. போர்டில் பொருத்தப்படும் வகை ஸ்டெபிலைசரைக் கழற்ற வேண்டுமானால் ஸ்விட்சுகளை எல்லாம் பிடுங்கி, பிளேட்டையும் போர்டையும் பிரிக்க வேண்டும். பெரும்பாலோர் அங்கே நிறுத்திவிடுவார்கள். அதோடு கூடு குழிவாக இருப்பதால் திரவம் தேங்குகிறது. கம்பி எஃகு என்பதால் துருவாகக் காட்டிக்கொடுக்கிறது. வர்ணம் பூசிய பிளேட்டில் ஒரு தடயமும் இல்லாத இடத்திலும் கம்பி பேசிவிடும்.

அதன்பிறகு மற்றவை தாமாகவே விளங்கின. முற்றுப்புள்ளி, சாய்கோடு, வலது ஷிஃப்ட், வலது ஆல்ட் ஆகிய நான்கு இடங்களிலும் இருந்த ஸ்விட்சுகள் நிறத்தில் மற்றவற்றைப் போலவே இருந்தாலும், பிடுங்கிப் பார்த்தபோது கம்பிக்கால்கள் கூடுதலாகப் பளபளத்தன. உரசும்போது வரும் லேசான சரசரப்பு அந்த நான்கில் மட்டும் இருந்தது. மற்றவை கிரீஸ் தடவப்பட்டவை, இவை தடவப்படாதவை. யாரோ பின்னர் மாற்றியிருக்கிறார்கள். முற்றுப்புள்ளியில் ஸ்விட்சை மாற்றியும் பயன் இல்லாமல் போனதற்கும் இதுவே விளக்கம்; அந்த வழியை எங்களுக்கு முன்பே ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தபோது

விற்பவரிடம் கண்டதைக் காட்டினோம். அவர் முகத்தில் தெரிந்தது வியப்பு. அந்தக் கீபோர்டைத் தன் அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டதாகவும், ஃபோம் வைத்ததாக அண்ணன் சொன்னதாகவும் சொன்னார். "திறந்தே பார்த்துவிடுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்" என்று அவரே கேட்டுக்கொண்டதால் திருகாணிகளைக் கழற்றினோம். வாங்கும் இடத்தில் பெட்டியைத் திறப்பது எப்போதும் சாத்தியமல்ல; விற்பவர் தயங்கினால் வற்புறுத்துவது முறையுமல்ல. அதுவரை கிடைத்திருந்த ஆதாரமே முடிவெடுக்கப் போதுமானதாக இருந்தது.

உள்ளே ஃபோம் இல்லை. போர்டின் கீழ்ப்புறத்தில், வலது கீழ் மூலையில், தேநீர்க் கோப்பை வைத்த மேசையில் படியும் வட்டத்தைப் போலப் பழுப்பு விளிம்போடு ஒரு கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. கறையின் நடுப்பகுதி வெளுத்திருந்ததைப் பார்த்தால் ஒருமுறை துடைக்கப்பட்டிருக்க வேண்டும். முற்றுப்புள்ளியின் சாக்கெட்டில் ஒரு பக்கம் பற்றவைப்பு மங்கி உருண்டையாக இருந்தது. ஆலையில் செய்த பற்றவைப்பு அப்படி இருக்காது. நகத்தால் லேசாகத் தொட்டபோது சாக்கெட்டின் அந்தப் பக்கம் அசைந்தது. அடியிலிருந்த செம்புப் பட்டை போர்டிலிருந்து பெயர்ந்து, மின்தடத்தை இழைபோல் பிடித்துக்கொண்டிருந்தது. சாய்கோட்டு விசையின் டயோடுக் கால்களிலும் பச்சைப் படிவு தொடங்கியிருந்தது. ஆனால் அந்த விசை எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது.

கணக்கும் முடிவும்

இவ்வளவுக்குப் பிறகும் இதை வாங்கவே கூடாது என்று ஆகிவிடாது. எந்தப் பழுதை எந்த விலையில் ஏற்பது என்பதுதான் கேள்வி. N விசையின் ஸ்விட்ச், ஸ்பேஸ்பாரின் ஒலி, வலது ஷிஃப்ட்டின் ஸ்டெபிலைசர் ஆகிய மூன்றும் மாற்றக்கூடிய உறுப்புகளின் பழுதுகள். மாற்று உறுப்பின் விலையைக் கழித்துவிட்டு வாங்கலாம். போர்டின் அரிப்பு வேறு. தயார் நிலையில் விற்கப்படும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போர்டு மட்டும் தனியே கிடைப்பதில்லை. ஆகவே போர்டு சேதமடைந்த கீபோர்டின் மதிப்பு, பெட்டி, கீகேப்புகள், நல்ல நிலையில் உள்ள ஸ்விட்சுகள் ஆகியவற்றை உதிரியாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு தேறுமோ அவ்வளவே. போர்டுக்குச் சுழியம். கொஞ்ச காலம் ஓடும் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சர்க்கரை கலந்த படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மின்சாரம் ஓடும்போதெல்லாம் அரிப்பைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

நண்பர் அந்தக் கணக்கின்படி ஒரு தொகையைச் சொன்னார். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே இருந்ததால் விற்பவர் தயங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நண்பருக்கும் நாள்தோறும் வேலைக்கு வேண்டிய கருவி தேவைப்பட்டதே தவிர உதிரிப் பாகங்கள் அல்ல. பேரம் அங்கேயே நின்றது. கழற்றிய எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, இடம் மாற்றிய ஸ்விட்சுகளையும் அந்தந்த இடத்தில் செருகிக் கொடுத்தோம்.

இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று விற்பவர் கேட்டார். ஸ்விட்சுகளையும் பிளேட்டையும் நீக்கி, ஸ்டெபிலைசர்களைக் கழற்றிவிட்டு, செறிவு மிகுந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு போர்டின் இரு புறத்தையும் தேய்த்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். பெயர்ந்த பட்டைக்குப் பதிலாக, சாக்கெட்டின் முனையிலிருந்து அதே தடத்தில் அடுத்துள்ள பற்றவைப்புப் புள்ளிக்கு மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துப் பற்றவைக்கலாம் என்று சொன்னோம். அவர் அதைப் பொறுமையாகச் செய்துவிட்டு, சில வாரங்களுக்குப் பின் நண்பருக்குச் செய்தி அனுப்பினார். கம்பி இழுத்த முற்றுப்புள்ளி இப்போது ஒருமுறைகூடத் தவறுவதில்லை, ஆனால் சாய்கோட்டு விசை தவறத் தொடங்கியிருக்கிறது, டயோடைத் தொட்டதும் அதன் கால் உதிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். டயோடை மாற்றிய பிறகு, நடந்ததை முழுமையாக எழுதி, உதிரி விலைக்கே அதை மறுபடி விற்பனைக்கு வைத்தார்.